“ரெக்கார்டிங் உண்டா?”

எந்த நிகழ்ச்சிக்கு அறிவிப்பு விட்டாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். இடம் எங்கே, கார் நிறுத்த வசதி உண்டா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். “அக்கா, வர முயற்சி பண்றேன் லா. வர முடியலன்னா ரெக்கார்டிங் கிடைக்கும்தானே?” என்று புலனத்தில் ஒரு செய்தி வரும். அதைப் பார்த்ததுமே ஏற்பாட்டாளருக்கு ஒரு நாற்காலி காலியாகிவிட்டது தெரிந்துவிடும்.

வானொலி வேலைக்கு வெளியே நான் அறிவிப்பாளராகப் போகும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத்தில் நடக்கும் சின்ன மண்டபக் கூட்டங்கள். நூறு நாற்காலி, ஒரு பேச்சாளர், இடைவேளையில் வடையும் தேநீரும். இந்த ரெக்கார்டிங் கேள்விக்கு ஏற்பாட்டாளர்கள் இரண்டே விதமாகப் பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். சிலர் “கண்டிப்பா உண்டு, எல்லாருக்கும் அனுப்புவோம்” என்பார்கள். ஞாயிறு மதியம் பாதி மண்டபம் காலியாக இருக்கும். வேறு சிலர் அதில் சூடு பட்டு, “கிடையவே கிடையாது, வந்தால்தான் உண்டு” என்பார்கள். அங்கே மண்டபம் நிறையும். ஆனால் உண்மையிலேயே வர முடியாமல் போனவர் வெளியே நிற்பார்.

அப்படி வெளியே நிற்பவர் யார் என்று ஒரு கூட்டத்தை வைத்துச் சொல்கிறேன். சென்ற ஆண்டு பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்கம் உயில் எழுதுவது பற்றியும் ஊழியர் சேமநிதிக்கு வாரிசு நியமனம் செய்வது பற்றியும் ஒரு வழக்கறிஞரைப் பேச வைத்தது. ஞாயிறு மதியம் மூன்று மணி. பெயர் கொடுத்தவர்களில் கிள்ளானில் தாதியாக வேலை செய்யும் ஒரு பெண்மணியும் இருந்தார். அந்த ஞாயிறு அவருக்கு விடுமுறை. ஆனால் உடன் வேலை செய்பவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் சனி இரவே அழைப்பு வந்து, அவர் வேலைக்குப் போனார். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், உயிலால் பயன் பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாது என்பது அன்று மேடையில் சொன்ன ஒரு விஷயம். இது தெரியாமல் மூத்த மகனையே சாட்சியாகப் போட்டு வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அந்தத் தாதிக்கு இந்தத் தகவல் போய்ச் சேராவிட்டால் நஷ்டம் சங்கத்துக்கு இல்லை, அவர் வீட்டுக்கு.

பெயர் கொடுத்துவிட்டு வராதவர்கள் எல்லாரும் இப்படிப்பட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல் என்று சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிப்போனவர்களும் உண்டு. இலவசம்தானே, ஒரு பெயரைக் கொடுத்து வைப்போம் என்று கொடுத்தவர்களும் உண்டு. இவர்களைப் பிரித்தறிய ஒரு வழியும் இல்லை, அதற்கு முயலவும் கூடாது. மருத்துவச் சான்றிதழ் கொண்டு வா என்று கேட்கிற சங்கத்துக்கு அடுத்த முறை யார் பெயர் கொடுப்பார்கள்? தூங்கினவரும் வேலைக்குப் போனவரும் ஒரே ஒளிப்பதிவைத்தான் பார்க்கப் போகிறார்கள். அதை ஏற்றுக்கொண்டு, மண்டபத்துக்கு வந்தவருக்கு எது கூடுதலாகக் கிடைக்கிறது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

வானொலியில் இதற்கு ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. நேரலையில் தொலைபேசிக் கோடுகள் திறந்திருக்கும். நேயர் கேட்பார், விருந்தினர் பதில் சொல்வார், அந்தப் பதிலிலிருந்து இன்னொரு நேயருக்குக் கேள்வி பிறக்கும். அதே நிகழ்ச்சி இரவு மறுஒலிபரப்பாகும்போது கோடுகள் மூடியிருக்கும். அது தெரியாமல் மறுஒலிபரப்பின்போது அழைத்துவிட்டு, “ஏன் தங்கச்சி போனை எடுக்கவே மாட்டேங்கிறீங்க?” என்று மறுநாள் கோபிக்கிற நேயர்கள் எல்லா நிலையத்துக்கும் உண்டு. மறுஒலிபரப்பு இருக்கிறது என்பதற்காக நேரலைக்கு அழைப்பவர்கள் குறைவதில்லை. இரண்டும் வேறு வேறு பொருள் என்பது அவர்களுக்குத் தெரியும். மண்டபக் கூட்டங்களில் இந்த வேறுபாட்டை நாம் உண்டாக்குவதில்லை. முதல் வணக்கத்திலிருந்து கடைசிக் கேள்வி வரைக்கும் கேமரா ஓடுகிறது, அப்படியே இணைப்பாகப் போகிறது. வீட்டில் சோபாவில் இருப்பவருக்கும் மண்டபத்தில் இருப்பவருக்கும் அதே சரக்கு என்றால் சோபாதான் ஜெயிக்கும்.

ஒளிப்பதிவு மண்டபத்தைக் காலி செய்யும் என்ற பயம் நம்முடையது மட்டும் இல்லை. லண்டன் நேஷனல் தியேட்டர் 2009 ஜூனில் தன் நாடகங்களைத் திரையரங்குகளுக்கு நேரடியாக ஒளிபரப்பத் தொடங்கியது. முதல் நாடகத்தில் ஹெலன் மிரன் நடித்தார். நாடக அரங்குக்கு யார் வருவார்கள் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. நெஸ்டா என்ற பிரிட்டிஷ் அமைப்பு இதை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வு, அரங்குகளுக்கு வருபவர்கள் குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது. லண்டனில் அந்த ஒளிபரப்பு அதிகம் எட்டிய பகுதிகளில் நாடகம் பார்க்கப் போனவர்கள் கொஞ்சம் கூடியிருந்தார்கள் என்றும் சொன்னது.

இதைக் காட்டி “ஒளிப்பதிவால் ஒரு பாதிப்பும் இல்லை” என்று வாதாடுபவர்களை எனக்குத் தெரியும். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். திரையரங்குக்குப் போகிறவரும் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், டிக்கெட் வாங்கி, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்புகிறார். இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் கைப்பேசியில் பார்ப்பது அப்படி இல்லை. எனக்குப் பாடமாகப் பட்டது அதே தியேட்டர் 2020இல் செய்தது. அரங்கு மூடிக்கிடந்த அந்த ஏப்ரலிலிருந்து வியாழக்கிழமைதோறும் ஒரு நாடகத்தின் ஒளிப்பதிவை யூடியூப்பில் இலவசமாக விட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு வாரம் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். இலவசமாகக் கொடுத்தபோதுகூட அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை மார்கழி இசை விழாவும் இணையத்துக்குப் போனதை நம்மில் பலர் இங்கிருந்தே பார்த்தோம். மண்டபமே திறக்க முடியாத நேரம் அது, வருபவர்களோடு போட்டி இல்லை. இப்போது மண்டபம் திறந்திருக்கிறது. அதனால்தான் இந்தச் சிக்கல்.

உயில் கூட்டத்துக்கு வருவோம். அந்தச் சங்கத்தின் செயலாளர் இதற்கு முன்பு ஒரு கூட்டத்தில் கை சுட்டுக்கொண்டவர். அதனால் இம்முறை தேதி குறிக்கும்போதே உட்கார்ந்து பேசினோம். முதலில் முடிவு செய்தது எதை எடுப்பது, எதை எடுக்காமல் விடுவது என்பதை. வழக்கறிஞரின் உரை ஒரு மணி நேரம், அது முழுவதும் ஒளிப்பதிவு. பிறகு கேள்வி நேரம் நாற்பது நிமிடம், அதற்குக் கேமரா கிடையாது.

கேள்வி நேரத்தை எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளலாமே என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். காரணம், கேமரா ஓடுவது தெரிந்தால் கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டார்கள். “என் அண்ணன் அம்மாவிடம் கைநாட்டு வாங்கி வீட்டை மாற்றிக்கொண்டார்” என்று ஒரு பெண் எழுந்து சொல்ல வேண்டுமானால், அந்த அண்ணனின் கைப்பேசிக்கு அது போகாது என்ற நம்பிக்கை வேண்டும். அதனால் உரை முடிந்ததும் நான் ஒலிவாங்கியில் “இனி ஒளிப்பதிவு இல்லை” என்று அறிவித்தேன். கேமராவைக் கையாண்டவர் எல்லாரும் பார்க்க அதன் மூடியைப் போட்டு, ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கீழே வைத்தார். சிவப்பு விளக்கு அணைந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பின்வரிசைக்கு அந்த விளக்கு தெரியாது. கைப்பேசியில் எடுப்பவர்களையும் கேட்டு நிறுத்தினோம். அந்த நாற்பது நிமிடம் அறுபது நிமிடமாக நீண்டது. மண்டபத்துக்கு வந்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனது அதைத்தான்.

கேமராவை வைக்கும் இடமும் முக்கியம். முன்வரிசைக்குப் பக்கவாட்டில், பேச்சாளரையும் திரையையும் மட்டும் பார்க்கிற மாதிரி வைத்தால் பார்வையாளர் முகம் விழாது. பின்னாலிருந்து எடுத்தால் யார் யார் பக்கத்தில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்பதுதான் அடுத்த வாரக் குடும்பப் பேச்சாக இருக்கும். ஒலியைக் கேமராவின் சொந்த ஒலிவாங்கியில் எடுக்காமல், மண்டபத்தின் ஒலி மேசையிலிருந்து ஒரு கம்பி போட்டு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பேச்சைவிட மின்விசிறிதான் நன்றாகக் கேட்கும்.

அடுத்து, எப்போது கொடுப்பது, எத்தனை நாள் வைப்பது. அன்றிரவே கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். அன்றிரவே கிடைக்கும் என்று தெரிந்தால் மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டியவர் இரவு ஒன்பதுக்குத் தள்ளிப்போடுவார். அதற்காக ஒரு மாதம் காக்க வைப்பதும் சரியில்லை, அது வராதவருக்குக் கொடுக்கும் தண்டனை. புதன் இரவு எட்டு மணிக்குத் திறந்து, அடுத்த புதன் இரவு எட்டு மணிக்கு மூடுவது என்று முடிவானது. ஏன் ஏழு நாள் என்றால், முறை மாற்றி வேலை செய்கிறவருக்கு ஒரு வாரத்தில் எப்படியும் ஒரு விடுமுறை வரும். அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தாலும் பார்ப்பவர் எண்ணிக்கை பெரிதாகக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிற ஒளிப்பதிவு, அலமாரியில் வாங்கி வைத்த புத்தகம் மாதிரி தூசு பிடிக்கும்.

இந்த ஏற்பாட்டை எங்கே சொல்வது என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. செயலாளர் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்து, வராதவர்களுக்கு மட்டும் பிறகு அனுப்பலாம் என்றார். அது ஒரு முறைக்குத்தான் ரகசியம். இரண்டாவது கூட்டத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும், பிறகு மறைத்தது போல ஆகும். விளம்பரத் தாளில் போடவில்லை. ஆனால் பெயர் கொடுக்கும் படிவத்தில், கடைசியில், முழு விவரத்தோடு சொன்னோம்: உரை மட்டும் ஒளிப்பதிவாகும், கேள்வி நேரம் ஆகாது, பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும் புதன் முதல் புதன் வரை. படிவம் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மூடப்படும். கூட்டம் முடிந்த பிறகு “என் பேரையும் போட்டுக்குங்க” என்றால் இல்லை. அதிலே விட்டுக்கொடுத்தால் பெயர் கொடுப்பதற்கே பொருள் இருக்காது.

வந்தவர்களுக்கும் ஒளிப்பதிவை அனுப்பினோம். இது பலர் தவறவிடுகிற இடம். வராதவருக்கு மட்டும் அனுப்பினால், தூங்கினவர் கையில் திரும்பத் திரும்பப் பார்க்க ஒன்று இருக்கும், மழையில் நனைந்து வந்தவர் கையில் ஒன்றும் இருக்காது. “அடுத்த தடவை நானும் வராம இருக்கேன்” என்று அவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. கட்டணக் கூட்டத்தில் இது இன்னும் கூர்மையாக இருக்கும். மண்டபத்துக்கு 30 ரிங்கிட், ஒளிப்பதிவுக்கு 10 ரிங்கிட் என்று தனியாக விற்கிற வழக்கம் இங்கே வந்துகொண்டிருக்கிறது. அந்த விலைப் பட்டியலே வராதே என்று சொல்லிக்கொடுக்கிறது. கட்டணம் ஒன்றே இருக்கட்டும், அதற்குள் இரண்டும் அடங்கட்டும்.

இனி இணைப்பு. செயலாளர் கை சுட்டுக்கொண்டது இதில்தான். முந்தைய கூட்டத்தின் ஒளிப்பதிவை யூடியூப்பில் Unlisted என்று போட்டு, இணைப்பைப் புலனக் குழுவில் விட்டிருந்தார்கள். Unlisted என்றால் தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான். இணைப்பு கையில் இருக்கும் யாரும் பார்க்கலாம், யாருக்கும் அனுப்பலாம். ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்குப் போய், கடைசியில் பெயரே கொடுக்காத ஒருவர் அதைச் செயலாளருக்கே திருப்பி அனுப்பி, “நல்ல பேச்சு, கேட்டுப் பாருங்க அண்ணே” என்றாராம்.

யூடியூப்பிலேயே Private என்று ஒன்று உண்டு. அதில் மின்னஞ்சல் முகவரி கொடுத்து அழைத்தவர் மட்டும்தான், தன் கூகுள் கணக்கில் நுழைந்து பார்க்க முடியும். இணைப்பை மற்றவருக்கு அனுப்பினாலும் திறக்காது. ஆனால் ஐம்பது பேருக்கு மேல் அழைக்க முடியாது. எங்களிடம் அதைவிடக் கூடுதலானோர் இருந்ததால் கூகுள் டிரைவில் போட்டோம். அதிலும் முகவரி முகவரியாகச் சேர்த்துப் பகிரலாம். அமைப்புக்குள் போய், பார்ப்பவர் பதிவிறக்கம் செய்யும் வசதியை எடுத்துவிடலாம். புதன் இரவு எட்டு மணிக்குப் பகிர்வை நிறுத்துவதை மட்டும் ஒருவர் நினைவு வைத்து, கையால் செய்தார். ஜூமில் கட்டணக் கணக்கு வைத்திருக்கும் சங்கங்களுக்கு இன்னும் எளிது. அங்கே மேகப் பதிவுக்குக் கடவுச்சொல்லும் காலாவதித் தேதியும் வைத்துவிடலாம்.

சிக்கல் தொழில்நுட்பத்தில் வரவில்லை, படிவத்தில் வந்தது. நம் ஆட்கள் படிவத்தில் தொலைபேசி எண்ணைத் துல்லியமாகக் கொடுப்பார்கள். மின்னஞ்சல் என்ற இடத்தில் மகளுடையதையோ அலுவலகத்துடையதையோ எழுதுவார்கள், இல்லாவிட்டால் ஓர் எழுத்தை விட்டுவிடுவார்கள். டிரைவ் திறக்கவில்லை என்று புதன் இரவு எட்டரைக்கு வந்த அழைப்புகள் எல்லாம் இதனால்தான். ஆகவே படிவத்திலேயே “உங்கள் கைப்பேசியில் யூடியூப் அல்லது பிளே ஸ்டோர் திறக்கும் ஜிமெயில் முகவரி” என்று கேட்பது நல்லது. அப்படிக் கேட்டால் எந்த முகவரி என்பது ஐயாமார்களுக்குக்கூடப் புரிகிறது.

இவ்வளவு செய்தாலும் திரையைப் படம் பிடிப்பவரைத் தடுக்க முடியாது. ஓர் அடையாளத்தை மட்டும் கவனிக்கலாம். யூடியூப்பில் போட்டிருந்தால் பார்வை எண்ணிக்கை தெரியும். பெயர் கொடுத்தவர் 120 பேர் என்று வையுங்கள். எண்ணிக்கை 150 என்றால் பயப்பட ஒன்றுமில்லை, ஒருவரே இரண்டு தவணையாகப் பார்த்திருப்பார். அதுவே 600 என்றால் இணைப்பு வெளியே போய்விட்டது. அப்போது யார் அனுப்பியது என்று குழுவில் விசாரணை வைக்காதீர்கள். பழைய இணைப்பை எடுத்துவிட்டுப் புதியதைத் தனித்தனியாக அனுப்புங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் பேச்சாளரிடம் கேட்க வேண்டும், அதுவும் எழுத்தில். உரையை எடுக்கலாமா, எத்தனை நாள், யாருக்கு என்று. “பொதுவுல போட்டுடுவாங்களோன்னுதான் பயம், ஒரு வாரம்னா சரி” என்றார் எங்கள் வழக்கறிஞர். அடுத்த மாதம் கிள்ளானில் அவர் இதே உரையைக் கொடுக்க இருந்தார். இணையத்தில் நிரந்தரமாகக் கிடந்தால் அந்த மண்டபத்துக்கு யார் வருவார்கள்? வந்தவர்களின் மதிப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், பேச வந்தவரின் மதிப்பும் இதில்தான் இருக்கிறது.

பாட்டு விஷயம் தனி. கூட்டத்தின் தொடக்கத்தில் ஒலித்தட்டுப் பாடலோ இடைவேளையில் சினிமாப் பாட்டோ போட்டால், மண்டபத்தில் ஒலிக்க வாங்கிய உரிமம் அந்த மண்டபத்தோடு முடிந்துவிடும். அதே பாட்டு ஒளிப்பதிவில் ஏறி இணையத்துக்குப் போனால் அது வேறு உரிமை. வானொலி நிகழ்ச்சிகள் பாட்காஸ்டாக வரும்போது பாட்டில்லாமல் வெறும் பேச்சாக வருவதற்கும் இதுதான் காரணம். யூடியூப் யாருக்கும் காட்டாத ஒளிப்பதிவில்கூடப் பாட்டை அடையாளம் கண்டு தடுத்துவிடக்கூடும். சுலபமான வழி, பேச்சாளர் வணக்கம் சொல்லும்போதுதான் கேமராவை ஓடவிடுவது.

அந்தப் புதன்கிழமைக்கு அடுத்த நாள், இரவு வேலை முடிந்து காலையில் பார்த்ததாகத் தாதி அம்மா செயலாளருக்கு எழுதியிருந்தார். கூடவே ஒரு கேள்வியும் இருந்தது, அவருடைய அப்பாவின் உயிலில் சாட்சியாக யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பது பற்றி. “இதற்கு வழக்கறிஞரிடம் பதில் வாங்கித் தர முடியுமா?” என்று கேட்டிருந்தார். கேள்வி நேரம் மண்டபத்துக்கு வந்தவர்களுக்கு என்றுதானே நாம் எழுதியிருக்கிறோம், இதற்கு என்ன சொல்வது என்று செயலாளர் என்னிடம் கேட்டார். கிள்ளான் கூட்டத்தின் தேதியையும் இடத்தையும் அனுப்புங்கள் என்றேன். அவர் வீட்டிலிருந்து அந்த மண்டபம் பத்து நிமிடம்தான். இம்முறை அவர் தம் பெயரோடு அப்பாவின் பெயரையும் கொடுத்திருக்கிறார்.